துடிப்பு ஒன்று விட்டுப் போவது போல இருக்கிறதே, பயப்பட வேண்டுமா?

கேள்வி: வயது 38. சில வாரங்களாக இரவில் படுத்ததும் நெஞ்சுக்குள் ஏதோ புரள்வது போல இருக்கிறது. ஒரு துடிப்பு விட்டுப் போகிறது, அடுத்து பலமாக ஒரு அடி விழுகிறது. ஒருநாள் கைக்கடிகாரத்தில் நாடி 42 என்று காட்டியது. ஈசிஜி எடுத்தேன், நார்மல் என்றார்கள். இதைச் சும்மா விட்டுவிடலாமா? எது வந்தால் பயப்பட வேண்டும்?

பதில்:

நீங்கள் சொல்வது பெரும்பாலும் கூடுதல் துடிப்பு. மருத்துவர்கள் இதை ‘எக்டோபிக்’ என்பார்கள். இதயத்தின் கட்டமைப்பு நன்றாக இருந்தால் இது அநேகமாகத் தீங்கு செய்யாது. நன்றாக இருக்கிறது என்பதை ஒருமுறை உறுதி செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். அந்த 42 கூட உண்மையான எண்ணாக இல்லாமல் போக வாய்ப்பு உண்டு. அதை நீங்களே சோதித்துப் பார்க்கும் வழியைக் கீழே சொல்கிறேன். உங்களை நேரில் பார்க்காமல் இதற்கு மேல் யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் எதை வைத்து நல்லதையும் கெட்டதையும் பிரிக்கிறார்கள் என்பது தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். மீதிப் பாதியை எங்கே வைக்க வேண்டும் என்பதும் தெரியும்.

முதலில் அந்தப் புரளலின்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நாடி நிமிடத்துக்கு 75 என்றால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 0.8 விநாடி. இந்தத் தாளத்தைப் போடுவது இதயத்தின் வலது மேலறையில் இருக்கும் சைனஸ் கணு. ஒரு துடிப்பு முடிந்தது, அடுத்தது 0.8-இல் வர வேண்டும். அதற்குள் 0.5 விநாடியிலேயே கீழறையின் ஏதோ ஓர் இடம் தன்னிச்சையாக ஒரு மின்பொறியைக் கிளப்பிவிடுகிறது. கீழறை சுருங்குகிறது. ஆனால் அதில் ரத்தம் நிறைய நேரம் போதவில்லை. அதனால் வெளியே தள்ளப்படும் ரத்தம் மிகக் குறைவு, மணிக்கட்டு வரை அந்த அலை வந்து சேருவதே இல்லை. 0.8 விநாடியில் சைனஸ் கணு வழக்கம்போலத் தன் கட்டளையை அனுப்புகிறது. அப்போதுதான் சுருங்கி முடித்த கீழறை ஓய்வில் இருப்பதால் அந்தக் கட்டளையை ஏற்பதில்லை. அடுத்த கட்டளை 1.6-இல் வருகிறது, அதற்குத்தான் கீழறை பதில் சொல்கிறது.

மணிக்கட்டில் விரல் வைத்திருப்பவருக்கு ஒரு துடிப்புக்குப் பிறகு 1.6 விநாடி எதுவுமே தெரியாது. அதனால்தான் ‘விட்டுப் போனது’ என்று தோன்றுகிறது. உண்மையில் எதுவும் விட்டுப் போகவில்லை, ஒன்று முந்தி வந்துவிட்டது. அதற்குப் பின் நீண்ட இடைவெளி கிடைத்ததால் கீழறையில் ரத்தம் வழக்கத்தைவிட அதிகமாக நிறைகிறது. தசையும் கூடுதல் வலுவோடு சுருங்குகிறது. அந்தப் பலத்த அடி இதுதான். ஆக, உங்களைத் திடுக்கிட வைக்கும் அடி, தாளம் சரியான இடத்துக்குத் திரும்பிய முதல் நல்ல துடிப்பு.

சிலருக்கு நெஞ்சைவிடத் தொண்டையில் அதிகம் தெரியும். ஏதோ அடைத்து விடுவது போல இருக்கும், ஒரு இருமல் வரும். கீழறை முந்திச் சுருங்கியதால் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வு மூடியிருக்கும். அந்த நேரத்தில் மேலறை சுருங்கினால் ரத்தம் கீழே போக வழியின்றிக் கழுத்து ரத்தக்குழாய்களுக்குள் பின்வாங்கி அடிக்கும். அதைத்தான் தொண்டையில் உணர்கிறோம்.

முந்தி வரும் துடிப்பு மேலறையிலிருந்தும் கிளம்பலாம். அப்போது சைனஸ் கணுவின் கணக்கே மாறி அங்கிருந்து புதிதாகத் தொடங்குவதால் இடைவெளி கொஞ்சம் குறையும். உணர்வை மட்டும் வைத்து மேலறையா கீழறையா என்று பிரிக்க முடியாது, ஈசிஜி தாளில்தான் தெரியும். அறிக்கைகளில் கீழறைத் துடிப்பை வி.பி.சி., பி.வி.சி., வி.ஈ. என்று பல பெயரில் போடுவார்கள், எல்லாம் ஒன்றுதான்.

இரவில் படுத்ததும் அதிகமாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. ஓய்வில் நாடி குறையும்போது துடிப்புகளுக்கிடையே உள்ள இடைவெளி நீளும், நடுவில் ஒன்று புகுந்துகொள்ள இடம் கிடைக்கும். இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் இதயம் மார்புச் சுவரை ஒட்டி வரும், சின்ன அசைவும் தெரியும். அதோடு பகலின் இரைச்சல் இல்லை, கவனம் முழுக்க உள்ளே போகிறது. வலப்பக்கம் திரும்பினால் குறைவது இதனால்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: உணர்வுக்கும் எண்ணிக்கைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. நாளைக்குச் சில ஆயிரம் வந்தும் ஒன்றையும் உணராதவர்கள் இருக்கிறார்கள், ஐம்பது வந்தாலே ஒவ்வொன்றையும் எண்ணக்கூடியவர்களும் இருக்கிறார்கள். அதனால் ‘ரொம்பத் தெரிகிறது’ என்பது மட்டுமே ‘ரொம்ப மோசம்’ என்று ஆகாது.

இப்போது அந்த 42. சில நேரம் ஒரு நல்ல துடிப்பு, ஒரு கூடுதல் துடிப்பு என்று மாறி மாறி வரிசையாக வரும். இதற்கு பைஜெமினி என்று பெயர். இதயம் நிமிடத்துக்கு 84 முறை சுருங்கிக்கொண்டிருக்கும், அதில் 42 தான் மணிக்கட்டை எட்டும். கடிகாரத்தின் பச்சை ஒளி தோலுக்கடியில் வரும் ரத்த அலையைத்தான் எண்ணுகிறது, இதயத்தின் மின்சாரத்தை அல்ல. ஆகவே அது 42 என்று காட்டிவிடும். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் இதே தவற்றைச் செய்யும். சில ரத்த அழுத்தக் கருவிகளிலும் இது நடக்கும்.

சோதிக்க ஒரு வழி: அடுத்த முறை கடிகாரம் அப்படிக் காட்டும்போது ஒரு கையை இடது மார்பில் பதித்துக்கொள்ளுங்கள், அல்லது வீட்டில் ஒருவரை அங்கே காதை வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். ஸ்டெதஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு முழு நிமிடம் மார்பில் கேட்கும் துடிப்புகளை, ஒரு ‘லப்-டப்’ ஒன்று என்ற கணக்கில் ஒருவர் எண்ண, மணிக்கட்டில் படும் துடிப்பை மற்றவர் எண்ணட்டும். மார்பில் 80-ஐ ஒட்டியும் கையில் 40-ஐ ஒட்டியும் வந்தால் அது பைஜெமினி. மார்பில் ‘லப்-டப், லப்-டப்... லப்-டப், லப்-டப்’ என்று ஜோடி ஜோடியாகக் கேட்கும். ஆனால் கூடுதல் துடிப்பின் ஒலி சில நேரம் மிக மெல்லியதாக இருக்கும், காதுக்கு எட்டாமலும் போகலாம். அதனால் இரண்டு எண்ணும் 42-ஆகவே வந்தால் உடனே ஒரு முடிவுக்கு வராமல் ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும். இதயம் உண்மையிலேயே அவ்வளவு மெதுவாகத் துடித்தால், நன்றாகப் பயிற்சி செய்பவருக்குத் தூக்கத்தில் அது இயல்பு. விழித்திருக்கும்போது தலைசுற்றல், அசதியோடு வந்தாலோ, எழுந்து நடந்தும் நாடி ஏறாமல் இருந்தாலோ, மின்பாதையில் தடை இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

அடுத்தது தாளம். பிரச்சினை எந்த வகை என்பதை விரலாலேயே ஓரளவு பிரித்துவிடலாம். கட்டைவிரலின் அடிப்பகுதிக்குக் கீழே, மணிக்கட்டில், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் லேசாக வையுங்கள். கட்டைவிரலால் பார்க்க வேண்டாம், அதன் சொந்தத் துடிப்பு குழப்பும். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குவது சீரான நாடிக்குச் சரி, இங்கே 60 விநாடியும் எண்ண வேண்டும். எண்ணும்போதே யாராவது ஒருவரிடம் அந்தத் தாளத்தை மேசையில் தட்டிக் காட்டுங்கள். அதைக் கைபேசியில் பதிவு செய்து மருத்துவரிடம் போட்டுக் காட்டினாலும் தப்பில்லை. ‘படபடப்பு’ என்ற சொல்லைவிட அந்தத் தட்டல் அவருக்கு அதிகம் சொல்லும்.

கூடுதல் துடிப்பில் அடித்தளத் தாளம் ஒன்று எப்போதும் இருக்கும். தக், தக், தக், தக்... ஓர் இடைவெளி... தக், தக், தக். நடுவில் குலைந்தாலும் உடனே பழைய நடைக்கு வந்துவிடும். அடுத்த துடிப்பு எப்போது வரும் என்று உங்களால் ஊகிக்க முடியும். அந்த ஊகம் அவ்வப்போது ஒருமுறைதான் பொய்க்கும்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் அடித்தளமே கிடையாது. தக்-தக்... தக்... தக்-தக்-தக்... தக் என்று எந்த இரண்டு இடைவெளியும் ஒத்துப் போகாது. தட்டிக் காட்டச் சொன்னால் தாளம் பிடிக்கவே முடியாமல் தடுமாறுவார்கள். மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருப்பதுதான் இது. அந்தத் தேக்கத்தில் இடது மேலறையின் ஒரு சின்னப் பை போன்ற பகுதியில் ரத்தம் உறைந்து, அங்கிருந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோய் உள்ளவருக்குப் பக்கவாத வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. அது எவ்வளவு என்பது வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை போன்றவற்றைப் பொறுத்துக் கூடும், குறையும். 65 வயதைத் தாண்டியவருக்கு இந்தத் தாளம் தெரிந்தால், வேறு தொந்தரவே இல்லாவிட்டாலும் சீக்கிரம் ஈசிஜி எடுக்க வேண்டும். உங்கள் வயதில் இது குறைவு, ஆனாலும் தைராய்டு மிகையாகச் சுரப்பவர்களுக்கும் ஒரே இரவில் நிறையக் குடித்தவர்களுக்கும் வரும். மேலறைக் கூடுதல் துடிப்புகள் அடிக்கடி வந்தால் விரலுக்கு இதைப் போலவே ஏமாற்றும். அதனால் விரலால் சந்தேகப்படலாம், முடிவு கட்ட முடியாது.

மூன்றாவது வகையில் தாளம் கடிகாரம் போலச் சீராக இருக்கும், ஆனால் வேகம் 150 முதல் 220 வரை போகும். இதில் கவனிக்க வேண்டியது தொடக்கமும் முடிவும். விளக்கின் சுவிட்சைப் போட்டது போல ஒரே கணத்தில் தொடங்கி, அதே போல ஒரே கணத்தில் நிற்கும். இது பெரும்பாலும் எஸ்.வி.டி. எனப்படும் மேலறைப் பக்கத்து மின்சுற்று. வேதனை தரும், உயிருக்கு ஆபத்து மிக அரிது, நிரந்தரமாகக் குணப்படுத்தவும் முடியும். ஆனால் கீழறையிலிருந்து வரும் ஆபத்தான வேகத் துடிப்பும் இப்படியே சீராக இருக்கும். இரண்டையும் பிரிக்க ஈசிஜி தேவை, குறிப்பாக ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு. இதற்கு மாறாக, நாடி மெல்ல மெல்ல ஏறி 110, 120 வரை போய் மெல்ல இறங்கினால் அது சைனஸ் கணுவின் வேலைதான். பதற்றம், காய்ச்சல், ரத்தசோகை, நீரிழப்பு, தைராய்டு ஆகியவை தூண்டியிருக்கும்.

தாளத்தைவிட முக்கியமானவை அது வரும் சூழலும் கூட வருபவையும். எனக்கு மிகவும் கவலை தரும் ஒன்றைச் சொல்லச் சொன்னால் மயக்கத்தைத்தான் சொல்வேன், அதிலும் உடலை வருத்தும்போது வரும் மயக்கத்தை. வெகுநேரம் வெயிலில் நின்று, குமட்டி, வியர்த்து, கண் இருட்டி மெல்லச் சாய்வது பெரும்பாலும் சாதாரண மயக்கம். ஓடும்போது, நீந்தும்போது, படி ஏறும்போது எந்த முன்னறிவிப்பும் இன்றிப் பொத்தென்று விழுவது வேறு. அப்படி ஒருமுறை நடந்திருந்தாலும், பிறகு நன்றாக இருந்தாலும், இதய மருத்துவர் பார்க்கும்வரை கடும் உழைப்பும் விளையாட்டும் வேண்டாம். இளையவர்களுக்கு இதயத்தசை தடித்துப்போகும் நோய், மின்னோட்டத்தில் பிறவிக் கோளாறு ஆகியவை முதன்முதலில் இப்படித்தான் வெளிப்படும்.

அதனால் உங்கள் பெற்றோர், உடன்பிறந்தவர் வழியில் யாராவது 40 வயதுக்கு முன் காரணம் தெரியாமல் திடீரென இறந்தார்களா என்று விசாரியுங்கள். ‘தூக்கத்திலேயே போய்விட்டார்’, ‘நன்றாக நீச்சல் தெரிந்தவர், எப்படியோ மூழ்கிவிட்டார்’, ‘வலிப்பு வந்து போனார்’ என்று குடும்பத்தில் சொல்லப்படும் சாவுகளையும் இதில் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவற்றில் சில உண்மையில் இதயத் தாளம் குலைந்ததால் நேர்ந்தவை.

உழைப்பு இன்னொரு நல்ல அளவுகோல். தீங்கற்ற கூடுதல் துடிப்பு பெரும்பாலும் வேகமாக நடக்கத் தொடங்கியதும் மறையும். சைனஸ் கணு வேகமெடுக்கும்போது மற்ற இடங்கள் குறுக்கிட வாய்ப்புக் குறைகிறது. நடையை நிறுத்திய சில நிமிடங்களில், நாடி இறங்கும்போது, அவை திரும்ப எட்டிப்பார்க்கும். அதுவும் வழக்கம்தான். நடக்க நடக்கக் கூடிக்கொண்டே போனால், அதுவும் அடுத்தடுத்து இரண்டு மூன்றாகச் சேர்ந்து வந்தால், டிரெட்மில் சோதனை செய்து பார்க்க வேண்டும். ரத்தக்குழாய் அடைப்போ, அட்ரினலினுக்கு மிகையாக எதிர்வினை காட்டும் பிறவிக் கோளாறோ இருக்கலாம். மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தவர் இதை வீட்டில் ஓடிப் பார்த்துச் சோதிக்கக் கூடாது.

படபடப்போடு நெஞ்சை அழுத்தும் வலி, மூச்சுத் திணறல், கண் இருட்டல், மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும், ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது நாடி 150-ஐத் தாண்டி சில நிமிடங்களில் இறங்காவிட்டாலும், உடனே அவசர உதவியை அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிப் போக வேண்டாம். முகம் ஒரு பக்கம் கோணுவது, கை தளர்வது, பேச்சு குழறுவது ஆகியவற்றுக்கும் இதே அவசரம் பொருந்தும்.

உங்கள் ‘நார்மல்’ ஈசிஜிக்கு வருகிறேன். அந்தத் தாள் பதிவு செய்வது வழக்கமாகப் பத்து விநாடி. 75 நாடியில் பன்னிரண்டு, பதின்மூன்று துடிப்புதான் அதில் விழும். உங்களுக்கு ஒரு நாளைக்கு 500 கூடுதல் துடிப்பு வருகிறது, சீராகப் பரவி வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். 86,400 விநாடியை 500-ஆல் வகுத்தால் ஏறக்குறைய மூன்று நிமிடத்துக்கு ஒன்று. பத்து விநாடித் தாளில் அது சிக்குவதற்குப் பதினேழில் ஒரு வாய்ப்புதான். ஆகவே ‘ஈசிஜியில் ஒன்றுமில்லை’ என்பதற்கு ‘கூடுதல் துடிப்பு இல்லை’ என்று பொருள் கிடையாது. ஆனால் அந்தத் தாள் வீண் என்றும் நினைக்காதீர்கள். பழைய மாரடைப்பின் தழும்பு, தசை தடித்த அறிகுறி, பிறவியிலேயே கூடுதலாக ஒரு மின்பாதை, கீழறையின் மின்சாரம் கிளம்பி மீண்டும் அடங்க எடுக்கும் நேரமான க்யூடி இடைவெளி நீண்டிருப்பது போன்றவை துடிப்பு வரும் நேரத்துக்காகக் காத்திருக்காமல் அடித்தள ஈசிஜியிலேயே தடயம் காட்டக்கூடியவை. அவற்றில் பெரும்பாலானவற்றின் தடயம் உங்களிடம் இல்லை என்று அது சொல்லியிருக்கிறது.

அடுத்த படி ஹோல்டர், எக்கோ இரண்டும். எக்கோ என்பது ஒலி அலையால் இதயத்தின் கட்டமைப்பையும் பலத்தையும் பார்க்கும் ஸ்கேன். ஹோல்டர் என்பது மார்பில் ஒட்டிய மின்முனைகளோடு 24 அல்லது 48 மணி நேரம் சுற்றித் திரியும் பதிவுக் கருவி. வாரத்துக்கு ஒருமுறை மட்டும் தொந்தரவு வருபவருக்கு 24 மணி நேரம் போதாது, ஒன்றிரண்டு வாரம் ஒட்டி வைக்கும் பட்டை தேவைப்படும். உங்களுக்குத் தினமும் இரவில் வருவதால் 24 மணி நேரமே போதும் என்று நினைக்கிறேன். கருவியை மாட்டிய நாளில் வழக்கமான வேலையைச் செய்யுங்கள், இடப்பக்கம் படுங்கள், புரளும்போது கருவியின் பொத்தானை அழுத்துங்கள். மருந்து மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

அறிக்கை வந்ததும் பலர் எண்ணைப் பார்த்து அரண்டுபோகிறார்கள். ஒரு நாளில் இதயம் துடிப்பது ஏறக்குறைய ஒரு லட்சம் முறை. மொத்தம் 1,02,000 துடிப்பு, அதில் கீழறைக் கூடுதல் துடிப்பு 3,060 என்று இருந்தால் அது 3 சதவீதம். மூவாயிரம் என்ற எண் கேட்க எவ்வளவு பெரிதாக இருந்தாலும், எக்கோவில் இதயம் நன்றாக இருந்தால் இது பொதுவாகப் பயப்படும் அளவு இல்லை. 10 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் மருத்துவர்கள் இதயத்தின் பலத்தைக் கண்காணிக்கத் தொடங்குகிறார்கள். 20 சதவீதத்துக்கு மேல் போனால் அந்தக் கவலை இன்னும் கூடும். காரணம் இது: கீழறையின் ஒரு மூலையிலிருந்து கிளம்பும் துடிப்பு இயல்பான மின்பாதை வழியாகப் போவதில்லை, தசை வழியாகத் தத்தித் தத்திப் பரவுகிறது. இடதும் வலதும் ஒன்றுசேர்ந்து சுருங்குவதில்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஐந்தில் ஒரு துடிப்பு இப்படி இருந்தால் சிலருக்கு இதயம் தளர்ந்து விரிகிறது. நல்ல செய்தி, துடிப்பைக் குறைத்தால் பெரும்பாலும் அந்தத் தளர்ச்சி மீண்டுவிடும்.

எண்ணிக்கையோடு மூன்றைப் பார்க்க வேண்டும். ஒன்று, கூடுதல் துடிப்பு தனித்தனியாக வருகிறதா, மூன்றும் அதற்கு மேலும் சேர்ந்து வேகமாக ஓடுகிறதா. அப்படி ஓடினால் இதய மருத்துவரிடம் கேட்காமல் விடக் கூடாது. இரண்டு, எல்லாம் ஒரே வடிவமா, பல வடிவமா. ஒரே வடிவம் என்றால் ஒரே இடத்திலிருந்து வருகிறது. மூன்று, எந்த நேரத்தில் அதிகம், பொத்தான் அழுத்திய நேரத்தோடு பொருந்துகிறதா. பொத்தானை அழுத்திய நேரத்தில் சைனஸ் துடிப்பு மட்டுமே இருந்தால் அதுவும் ஒரு விடைதான். இன்னொரு எச்சரிக்கை: இந்த எண்ணிக்கை நாளுக்கு நாள் பெரிதும் மாறும். இன்று 400, அடுத்த மாதம் 1,500 என்பதால் நோய் முற்றிவிட்டது என்று ஆகாது. 1,500-இலிருந்து 400 ஆனதால் நீங்கள் விழுங்கிய ஏதோ ஒரு பொடி குணப்படுத்திவிட்டது என்றும் ஆகாது.

எக்கோ சரி, குடும்பத்தில் ஒன்றுமில்லை, மயக்கம் இல்லை, அளவும் குறைவு என்றால் மருந்தே வேண்டாம் என்று மருத்துவர் சொல்லக்கூடும். அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இதற்குப் பின்னால் ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. மாரடைப்புக்குப் பிறகு கீழறைக் கூடுதல் துடிப்பு அதிகம் வருபவர்கள் சீக்கிரம் இறக்கிறார்கள் என்று தெரிந்திருந்தது. அப்படியானால் அந்தத் துடிப்பை மருந்தால் அடக்கினால் பிழைப்பார்கள் என்று நம்பினார்கள். அமெரிக்காவில் நடந்த காஸ்ட் என்ற பெரிய ஆய்வில் அதைச் சோதித்தார்கள். ஃப்ளெகைனைடு, என்கைனைடு என்ற மருந்துகள் துடிப்பை நன்றாகவே அடக்கின. ஆனால் மருந்து எடுத்தவர்கள்தான் வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட அதிகம் பேர் இறந்தார்கள். 1989-இல் ஆய்வில் இந்த இரண்டு மருந்துகளுக்கான பகுதியை நிறுத்தினார்கள். ஹோல்டரில் எண் குறைவதும் நோயாளி நன்றாக இருப்பதும் ஒன்றல்ல என்பது அன்று விளங்கியது. அதன் பிறகு, தொந்தரவு தாங்க முடியாதபோது அல்லது இதயம் தளரும்போதுதான் துடிப்பைக் குறைக்க முயல்கிறார்கள். முதலில் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை தருவார்கள். ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். அது போதாதபோது, துடிப்பு கிளம்பும் இடத்தைக் கம்பி வழியாகச் சுட்டு அணைக்கும் அப்ளேஷன் இருக்கிறது. ஒரே இடத்திலிருந்து, அதுவும் வலது கீழறையின் வெளிவாயில் பகுதியிலிருந்து வருபவற்றுக்கு அது நன்றாகப் பலன் தரும்.

அதற்கு முன் சரிசெய்யக்கூடிய காரணங்களைத் தேட வேண்டும். ரத்தத்தில் பொட்டாசியம், மக்னீசியம், தைராய்டு, ஹீமோகுளோபின் ஆகிய நான்கும் பார்த்தால் பெரும்பகுதி முடிந்துவிடும். வயிற்றுப்போக்கு, சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை இரண்டும் பொட்டாசியத்தைக் குறைக்கும். மூக்கடைப்பைத் திறக்கும் சளி மாத்திரைகள், ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் இன்ஹேலர் இரண்டும் துடிப்பைத் தூண்டும். சில ஆன்டிபயாடிக், மனநல மருந்துகள் க்யூடி இடைவெளியை நீட்டும். அதனால் சமீபத்தில் தொடங்கிய எல்லா மருந்தையும் சொல்லுங்கள். ஆனால் பொட்டாசியத்தை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். சிறுநீரகம் பழுதுபட்டவருக்கும் சில ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவருக்கும் அது மிகையாகி இதயத்தையே நிறுத்திவிடும்.

காபியைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். சிலருக்கு அது கூட்டும், பலருக்கு எந்த வித்தியாசமும் இருக்காது. இரண்டு வாரம் காபியை மட்டும் விட்டுப் பாருங்கள். மாற்றமில்லை என்றால் திரும்பக் குடியுங்கள், அடுத்து மதுவை அதே போல விட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறுத்தினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. தூக்கக் குறைவுதான் பலருக்கும் பெரிய காரணமாக இருக்கிறது. குறட்டையும், காலையில் எழுந்தும் தீராத களைப்பும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பயமே துடிப்பைக் கூட்டும் என்பதும் உண்மை. பயந்தால் அட்ரினலின் சுரக்கும், அது கூடுதல் துடிப்பைத் தூண்டும், அது மறுபடி பயத்தைக் கூட்டும். பத்து நிமிடத்துக்கொரு முறை நாடி பார்ப்பவர்கள் இந்தச் சுழலில் மாட்டிக்கொள்கிறார்கள். மேலே சொன்ன முறைப்படி ஓரிரு முறை பார்த்துத் தாளத்தை அடையாளம் கண்டுவிட்டால் போதும். பிறகு தாளம் மாறும்போது மட்டும் பாருங்கள்.

கடிகாரத்தில் ஈசிஜி வசதி இருந்தால் புரளும் அந்த நேரத்திலேயே விரலை வைத்து 30 விநாடி பதிவு செய்யுங்கள். கையை மேசையிலோ மடியிலோ அசையாமல் வைக்க வேண்டும், ஆடினால் கோடு கிறுக்கலாகி அதுவே கோளாறு போலத் தெரியும். கடிகாரம் தரும் தீர்ப்பைவிட அந்தக் கோடுதான் மருத்துவருக்கு வேண்டும், அதனால் கோப்பாக எடுத்து வையுங்கள். அது ஒற்றைக் கோடு, மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. நெஞ்சு வலிக்கும்போது கடிகாரம் ‘சரி’ என்று சொன்னாலும் நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

மருத்துவரிடம் போகும்போது ஒரு வாரக் குறிப்பு கையில் இருக்கட்டும். ஒரு வரி இப்படி இருந்தால் போதும்: ‘செவ்வாய், இரவு 10:40. இடப்பக்கம் படுத்திருந்தேன். பத்து நிமிடத்தில் ஏழெட்டு முறை. தாளம் சீர், நடுவில் ஒரு இடைவெளி, பிறகு பலத்த அடி. மயக்கம் இல்லை, வலி இல்லை. முந்தைய இரவு நாலு மணி நேரத் தூக்கம். கடிகாரம் 42, மார்பில் எண்ணியது 83.’ இதோடு உங்கள் பழைய ஈசிஜி தாளையும் கொண்டுபோங்கள், ‘நார்மல்’ என்ற சொல்லை மட்டும் அல்ல.